முடிச்சு விழும் முன் ஒரு கையெழுத்து

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள வலைக் கம்பெனிகளில் ஒன்றில் பல வருடம் ஆர்டர் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். நூல் எடுப்பது, தறி ஓட்டுவது, சாயம் போடுவது எல்லாம் எனக்குப் பின்னால் இருந்தவர்களின் வேலை. வாங்குபவர் கேட்டதை எழுதித் தறிக்கு அனுப்புவது என் வேலை. அந்த மேசையில் நடந்த ஒரு தவறைச் சொன்னால்தான், மொத்த உற்பத்திக்கு முன் மாதிரிக்கும் வரைபடத்துக்கும் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது எதற்கு, அதை எப்படி வாங்குவது என்பதெல்லாம் விளங்கும்.

வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் ஆர்டர் கொடுத்தார். குளச்சல் பக்கத்துக்காரர். சிறு வயதிலேயே அங்கே போனவர்; தொழிலை அங்குள்ள மீனவர்களிடம்தான் கற்றுக்கொண்டார். வாட்ஸ்ஆப்பில் வந்த ஆர்டர் இவ்வளவுதான்: நைலான் செவுள் வலை, 25 மி.மீ. கண்ணி, 210/2 நூல், 100 கண்ணி ஆழம், இழுத்த நீளம் 100 மீட்டர், பச்சை நிறம், 400 பீஸ். நான் அதை அப்படியே எழுதினேன். 25 மி.மீ. கண்ணி சிறு மீனுக்கு நாங்கள் அடிக்கடி செய்வதுதான், அதனால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. முதல் பீஸ் தறியிலிருந்து இறங்கியதும் ஒரு மூலையை விரித்துப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். கட்டை விரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. மீதி 399 பீஸும் ஓடின.

சரக்கு போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. “அண்ணாச்சி, வலை பாதி ஆழம்தான் இருக்கிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தோம். நான் கேட்டது 25, நீங்கள் கொடுத்தது பன்னிரண்டரை.”

அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்ததும் 25 தான்.

கண்ணியை மூன்று விதமாக அளக்கலாம். ஒரு கண்ணியை மேலும் கீழும் பிடித்து முழுக்க இழுத்தால் அது கோடு போல ஒடுங்கும். அப்போது மேல் முடிச்சின் நடுவிலிருந்து கீழ் முடிச்சின் நடுவரை உள்ள தூரம் முழுக் கண்ணி. நம் கரையில் அளவு என்றால் பெரும்பாலும் இதுதான். கண்ணியின் ஒரு பக்கத்தை மட்டும், அடுத்தடுத்த இரண்டு முடிச்சுகளின் நடுவுக்கு நடு அளந்தால் அரைக் கண்ணி. உலகில் பல துறைமுகங்களில் இப்படி அளப்பதே வழக்கம். மூன்றாவது, இழுத்த கண்ணியின் உள்பக்க இடைவெளி, அதாவது முடிச்சின் பருமன் போக மீதி. மீன்வளச் சட்டங்கள் இதற்கு இன்ன அளவு என்று வரம்பு வைப்பதால் அதிகாரிகள் பார்ப்பது இதை. முழுக் கண்ணி 50 மி.மீ. என்றால் அரைக் கண்ணி 25 மி.மீ. நம் கடலில் அயிலைக்குப் போடும் வலை ஏறத்தாழ இந்த அளவுதான். அவர் அரைக் கண்ணி 25 கேட்டார், நாங்கள் முழுக் கண்ணி 25 நெய்தோம். அயிலை தலையை நுழைக்க வேண்டிய இடத்தில் அதன் மூக்கு கூட நுழையாது.

இதைப் பெட்டி கட்டும்போதாவது கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பார்கள். பீஸ்களை எடை போட்டுத்தான் பார்த்தோம், எடை சரியாகவே இருந்தது. ஏன் சரியாக இருந்தது என்பதை நான் பிறகுதான் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 மி.மீ. கண்ணியில் 100 மீட்டர் நீளத்துக்கு 2,000 கண்ணி, ஆழம் 100 கண்ணி, ஆக 2 லட்சம் கண்ணி. கண்ணியின் ஒரு பக்கத்தைக் கால் என்போம்; ஒரு கண்ணிக்கு நான்கு கால் என்று கணக்கு வைத்தால், கால் ஒன்றுக்கு 25 மி.மீ. வீதம் 20,000 மீட்டர் நூல் போகிறது. 25 மி.மீ. கண்ணியில் அதே 100 மீட்டருக்கு 4,000 கண்ணி, ஆழம் 100, ஆக 4 லட்சம். கால் ஒன்றுக்கு 12.5 மி.மீ. வீதம் இங்கும் அதே 20,000 மீட்டர்தான். டெனியர் என்பது 9,000 மீட்டர் இழையின் கிராம் எடை. 210 டெனியர் இழை இரண்டு சேர்ந்த நூலில் 20,000 மீட்டர் ஏறத்தாழ 930 கிராம் வரும். முடிச்சுக்குப் போகும் நூலையும் சேர்த்தால் இரண்டு வலையும் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கும். முடிச்சுகள் இரட்டிப்பாவதால் சிறு கண்ணி வலை மட்டும் சற்றுக் கூடும், அவ்வளவுதான். ஒரு வலை ஐந்து மீட்டர் ஆழம், மற்றது இரண்டரை மீட்டர். தராசுக்கு இரண்டும் ஒன்று.

நான் அனுப்பிய படத்திலும் எதுவும் தெரிந்திருக்காது. சாய்சதுரக் கண்ணிகள் வரிசையாக நிறைந்திருக்கும் படத்தில் 25 மி.மீ. வலையும் 50 மி.மீ. வலையும் ஒரே மாதிரிதான் தெரியும். பக்கத்தில் ஓர் அளவுகோல் கூட வைக்கவில்லை. அவர் கட்டை விரலை உயர்த்தியது நிறத்துக்காக என்று பின்னால் சொன்னார். நம்புகிறேன். படத்தில் பார்க்கக் கிடைத்தது நிறம் ஒன்றுதான்.

முடிச்சு விழுந்த நூலை மறுபடி நூலாக எடுக்க முடியாது. அதற்குப் பிறகு வலையை இழுத்துப் பிடித்துச் சூடேற்றி முடிச்சை இறுக்கி விடுகிறோம், அதன் பின் கண்ணி அளவை நாம் மாற்ற முடியாது. தையலில் ஒரு மடிப்பைப் பிரித்து விடுவது போல இங்கே எதையும் திருத்திக்கொள்ள வழியில்லை. அதனால் இந்தத் தொழிலில் ஒப்புதல் வாங்குவதற்கான கடைசி இடம் தறியில் நூல் ஏற்றுவதற்கு முன்பு. முதல் பீஸ் இறங்கிய பிறகு, தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அனுப்பும் படம் வெறும் தகவல்.

அந்த ஆர்டருக்குப் பிறகு நாங்கள் முறையை மாற்றினோம். முதலில் வரைபடம். வலைக்கு எதற்கு வரைபடம் என்று எங்கள் முதலாளியே கேட்டார். ஒரு பக்கத் தாளில் இழுத்துப் பிடித்த ஒரே ஒரு கண்ணியைப் பெரிதாக வரைந்தோம். மேல் முடிச்சின் நடுவில் ஓர் அம்பு, கீழ் முடிச்சின் நடுவில் ஓர் அம்பு, இடையில் எண். “கண்ணி 50 மி.மீ.” என்ற எழுத்தை யாரும் தன் ஊர் வழக்கப்படி படித்துக்கொள்ளலாம், எங்கிருந்து எங்கே என்று அம்பு காட்டிவிட்டால் அப்படிப் படிக்க இடமில்லை. எந்தச் சரக்கின் வரைபடத்துக்கும் இது பொருந்தும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரப்பர் வாசர் செய்யும் ஒரு நண்பர், உள்விட்டமா வெளிவிட்டமா என்று குறிக்காத ஒரே எண்ணால் ஒரு அச்சையே இழந்தவர்.

நூலையும் அதே தாளில் உடைத்து எழுதினோம். 210/3 என்று ஒருவர் எழுதினால் மூன்று இழை. இன்னொருவர் 210/2/3 என்பதைச் சுருக்கி 210/3 என்று எழுதும் பழக்கம் உள்ளவராக இருந்தால் அவர் மனதில் இருப்பது இரண்டிரண்டு இழையாக மூன்று புரி, அதாவது ஆறு இழை. நூலின் எடை இரட்டிப்பு. ஆகவே “மொத்தம் எத்தனை இழை” என்று ஒரு கட்டம் போட்டு அதில் எண்ணை நிரப்பச் சொன்னோம். ஆழத்தைக் கண்ணி எண்ணிக்கையிலும் மீட்டரிலும் இரண்டு விதமாக எழுதினோம். 100 கண்ணி, இழுத்த நிலையில் 5 மீட்டர். இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு என்று யாருக்கும் உடனே பிடிபடும். அந்தக் குளச்சல்காரரின் ஆர்டரில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் இரண்டரை மீட்டர் என்பதைப் பார்த்ததும் அவர் அலறியிருப்பார்.

வரைபடம் சரி என்று எழுத்தில் வந்த பிறகே மாதிரி. மாதிரியைக் கையால் பின்னக் கூடாது. எங்கள் கம்பெனியில் கைவலை பின்னத் தெரிந்த மூத்த பெண்கள் இருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் அழகான துண்டு கொடுத்துவிடுவார்கள். ஆனால் கைமுடிச்சின் இறுக்கம் வேறு, தறி முடிச்சின் இறுக்கம் வேறு. மொத்தச் சரக்கு எந்தத் தறியில் ஓடுமோ அதே தறியில், அதே நூலில், அதே சாயத்தில், அதே சூட்டில் இறுக்கி எடுத்த துண்டாக இருக்க வேண்டும். 20 கண்ணிக்கு 20 கண்ணி, இழுத்தால் ஒரு மீட்டர் நீளம் வருகிற துண்டு. ஒரு தறியை நிறுத்தி இதற்கென்று நூல் மாற்றுவது செலவுதான். ஆர்டர் சிறியதாக இருந்தால் அந்தச் செலவைத் தனியாகக் கேட்டு வாங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. மாதிரிக்குக் காசு கொடுத்தவர் மாதிரியைப் பிரித்துப் பார்ப்பார்.

ஒரே துண்டிலிருந்து மூன்று வெட்டுவோம். ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று தறி ஓட்டுபவரின் மேசைக்கு, ஒன்று உறையில் போட்டு ஒட்டி அலமாரிக்கு. ஒவ்வொன்றிலும் கண்ணிக்குள் நூல் கோத்து ஒரு அட்டை கட்டியிருக்கும். அதில் மாதிரி எண், தேதி, வரைபடத்தின் எண், எங்கள் கையெழுத்து. அலமாரித் துண்டின் மேல் வெயில் படக் கூடாது. நைலான் வெயிலில் நிறமும் வலுவும் இழக்கும், ஒரு வருடம் ஜன்னலோரம் தொங்கிய மாதிரியோடு புதுச் சரக்கை ஒப்பிட்டால் புதுச் சரக்குதான் தவறு போலத் தெரியும்.

மாதிரியை அனுப்பும்போது அளக்கும் முறையையும் எழுதி அனுப்புவோம். ஒரே ஒரு கண்ணியை அளந்தால் முடிச்சின் நடு எது என்பதிலேயே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் போய்விடும். ஒரே வரிசையில் பத்துக் கண்ணியைச் சேர்த்து இழுத்து, முதல் முடிச்சிலிருந்து பத்தாவது கண்ணி முடியும் முடிச்சுவரை அளவுநாடா வைத்துப் பத்தால் வகுக்க வேண்டும். 50 செ.மீ. வந்தால் 50 மி.மீ. கண்ணி. எங்கள் தாளில் “பத்துக் கண்ணிக்கு 50 செ.மீ., ஒரு செ.மீ. கூடக் குறைய இருக்கலாம்” என்று எழுதினோம். இவ்வளவு ஏற்றத்தாழ்வு வரலாம் என்பதை முன்பே ஒப்புக்கொள்ளாத ஒப்புதல் பாதி ஒப்புதல்தான். 400 பீஸில் ஒன்று 49 வந்தால் அது குறையா இல்லையா என்று அப்புறம் யாரைக் கேட்பது?

இனி, வாங்குபவரிடமிருந்து என்ன வார்த்தை வர வேண்டும். “ஓகே” போதாது, கட்டை விரலும் போதாது. எதற்கு ஓகே என்று அதில் இல்லை. நாங்களே வாசகத்தை எழுதி அனுப்பி, அதைத் திருப்பி அனுப்பச் சொல்வோம்:

“வரைபடம் 14, திருத்தம் 2, மாதிரி 14-ஆ ஆகியவற்றைப் பார்த்தேன். பத்துக் கண்ணியை இழுத்து அளந்தேன், ___ செ.மீ. வந்தது. நிறம், நூல், முடிச்சு, இறுக்கம் சரி. இந்த மாதிரிப்படி 400 பீஸ் உற்பத்தி தொடங்கலாம். பெயர், பொறுப்பு, தேதி.”

அந்தக் கோடிட்ட இடம்தான் இதில் முக்கியம். அங்கே எண்ணை எழுத வேண்டுமானால் அவர் துண்டை எடுத்து இழுத்து அளந்தே ஆக வேண்டும். 25 செ.மீ. என்று எழுதும் நிமிடத்தில், தான் எதிர்பார்த்தது 50 என்பது அவருக்கே உறைக்கும். பொறுப்பு என்ற வார்த்தையும் காரணத்தோடுதான் இருக்கிறது. கடையில் நிற்கும் பையன் அனுப்பிய சம்மதத்தை முதலாளி மறுத்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பதில் “சரி, ஆனால் நிறம் கொஞ்சம் கருமையாக இருக்கட்டும்” என்பது. ஆர்டர் மேசையில் இருப்பவருக்கு இதில் சரி மட்டும் காதில் விழும். 1872 ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7 ஆவது பிரிவு, ஏற்பு என்பது முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. ‘ஆனால்’ வந்துவிட்டால் அது புது யோசனை. சாயத்தை மாற்றி, மாதிரிக்குப் புது எண் கொடுத்து, மறுபடி அனுப்பி, மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும். கருமை எவ்வளவு கருமை என்று வார்த்தையில் சொல்ல முடியாது, துண்டு ஒன்றுதான் சொல்லும். அதே போல, பதிலே வராமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நாளில் பதில் இல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவோம் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நம்பித் தறியை ஓட்டுவது ஆபத்து. நாங்கள் வேறு விதமாக எழுதினோம்: “சரக்கு கொடுக்கும் நாள் உங்கள் எழுத்து ஒப்புதல் வந்த தேதியிலிருந்து 25 நாள்.” தாமதிப்பவரின் நாள்கள் அவர் கணக்கில் போகும், நாங்களும் அவசரப்பட வேண்டாம்.

இதைக் கேட்பதற்கே நம் மாவட்டத்தில் ஒரு கூச்சம் உண்டு. ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடற்கரையில் வலை வாங்குபவரும் விற்பவரும் பெரும்பாலும் தெரிந்தவர்கள், ஒரே கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள், சம்பந்தம் செய்தவர்கள் கூட. “என்ன அண்ணாச்சி, என் வார்த்தையில் நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டுவிடுவார்கள். நான் சொல்லும் பதில் ஒன்றே: “உங்களை நம்புகிறேன். தறி ஓட்டுகிறவருக்கு உங்களைத் தெரியாது, அவர் கையில் ஒரு தாள் வேண்டும்.” இது சமாளிப்புக்காகச் சொல்வதல்ல. தறியில் நிற்பவருக்கு எண்ணை விட்டால் வேறு எதுவும் போய்ச் சேராது என்பது உண்மை.

சட்டம் மாதிரியைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஒப்புதல் கையில் இருந்தால் விற்பவர் முழுக்கத் தப்பிவிட்டார் என்ற எண்ணம் தவறு. 1930 ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 17 ஆவது பிரிவு மாதிரி காட்டி விற்பதைப் பற்றியது. மொத்தச் சரக்கு தரத்தில் மாதிரியை ஒத்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பு கொடுக்க வேண்டும். மாதிரியை நியாயமாகச் சோதித்தும் வெளியே தெரியாத, சரக்கை விற்கத் தகாததாக்கும் குறை இருக்கக் கூடாது. இந்த மூன்றாவதை ஒப்புதல் மூடி மறைக்காது. நனைந்தால் முடிச்சு நழுவும் வலையை ஒருவர் காய்ந்த துண்டாகப் பார்த்து ஒப்புக்கொண்டார் என்றால், அந்த நழுவல் விற்பவர் தலையில்தான் விழும். அதனால் மாதிரியை நனைத்து இழுத்துப் பார்க்கும்படி அட்டையிலேயே எழுதுவது நல்லது.

15 ஆவது பிரிவு இன்னும் கூர்மையானது. மாதிரியும் விவரிப்பும் சேர்த்து விற்றால், சரக்கு மாதிரியோடு மட்டும் ஒத்துப்போனால் போதாது, விவரிப்போடும் ஒத்துப்போக வேண்டும். பில்லில் “50 மி.மீ. அயிலை வலை” என்று எழுதிவிட்டு, ஒப்புக்கொண்ட மாதிரியைப் போலவே 45 மி.மீ. வலை அனுப்பினால் மாதிரி காப்பாற்றாது. ஆகவே வரைபடம், மாதிரி அட்டை, பில் மூன்றிலும் ஒரே வாசகம், ஒரே எண் இருக்க வேண்டும். எங்கள் பில் எழுதுபவர் தன் பழக்கப்படி சரக்கின் பெயரைச் சுருக்கி எழுதுவார், அதை நிறுத்த எனக்கு ஒரு வருடம் ஆனது. வெளிநாட்டு ஆர்டர் என்றால் எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பிரிவுகள் அங்கே பேசுமா என்பதே வழக்காகிவிடும்.

வாட்ஸ்ஆப்பில் வந்த ஒப்புதல் செல்லுமா என்று பலரும் கேட்கிறார்கள். மின்னணு வழியில் ஆனது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10அ பிரிவு அதைச் சொல்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் அதன் நகலைச் சான்றாகக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும். செய்தி வந்த கைபேசியைத் தூக்கிப் போட்டுவிட்டால், அதில் இருந்த செய்தியைப் பற்றி இந்தச் சான்றிதழைக் கொடுப்பது கடினமாகிவிடும். எனவே முக்கியமான ஒப்புதலை மின்னஞ்சலில், கையெழுத்திட்ட தாளின் படத்தோடு வாங்கி வைப்பது எளிது.

அந்த 400 பீஸுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை. எங்கள் தரப்பில் ஒரு கட்டை விரல் படம், அவர் தரப்பில் முழுதா அரையா என்று சொல்லாத ஒரு 25. யார் பக்கமும் நிரூபிக்க எதுவும் இல்லை. சரக்கு திரும்பி வரும் கூலி ஏறத்தாழ சரக்கின் விலையையே தொட்டது. கடைசியில் அங்கேயே சிறு மீன் பிடிக்கும் ஒருவருக்குப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்று, நஷ்டத்தை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். ஒரு வருடம் கழித்து அவர் மறுபடி ஆர்டர் கொடுத்தார். “போன தடவை போல” என்று எழுதவில்லை. நாங்கள் அனுப்பிய தாளில் கண்ணியின் இரண்டு முடிச்சையும் தன் பேனாவால் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் 50.2 என்று எழுதியிருந்தார்.

அந்த இரண்டாவது ஆர்டரின் மாதிரி உறை, சரக்கு போன தேதியிலிருந்து மூன்று வருடம் அலமாரியில் இருந்தது. ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் கொடுக்கும் காலம் அவ்வளவு. அதற்குள் அதே வலையை அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் உறையைப் பிரிக்காமல், தறி மேசைத் துண்டை வைத்துப் புது மாதிரி எடுத்து, புது எண்ணில் மறுபடி ஒப்புதல் வாங்கினோம். ஏனென்றால் நூல் வாங்கும் ஆலை அதற்குள் மாறியிருந்தது.